ஒரு சதவீதம் 30 ஆண்டில் என்ன செய்யும்?

உறவினர்கள் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை நீட்டி யோசனை கேட்டால், லாபக் கணக்குக்குப் போகும் முன் திட்டத்தின் பெயரைத்தான் படிப்பேன். ‘ரெகுலர்’ என்றிருக்கிறதா, ‘டைரக்ட்’ என்றிருக்கிறதா? 2013 ஜனவரியிலிருந்து இந்தியாவில் ஒரே ஃபண்ட் இந்த இரண்டு வகையிலும் கிடைக்கிறது. நிர்வகிப்பவரும் ஒருவர்தான், வாங்கும் பங்குகளும் அவையேதான். ரெகுலரில் விநியோகஸ்தரின் கமிஷனும் சேர்வதால் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ கூடுதல். ஈக்விட்டி ஃபண்டுகள் பலவற்றில் இந்த வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டி வரும்.

“ஒரு பர்சன்ட்தானே, போனால் போகட்டும்” என்றார் அண்ணி. அவருக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லட்சம் ரூபாயை மொத்தமாகப் போடுகிறோம். செலவு போக ஒன்றில் 12 சதவீதம், இன்னொன்றில் 11 சதவீதம் வளர்கிறது. 10 ஆண்டு கழித்து இரண்டுக்கும் இடைவெளி சுமார் 27 ஆயிரம்தான். 20 ஆண்டில் அது 1.58 லட்சமாகிறது. 30 ஆண்டில் ஒன்று 29.96 லட்சம், மற்றது 22.89 லட்சம். போட்டது ஒரு லட்சம், குறைந்தது 7 லட்சத்துக்கு மேல்.

“12 பர்சன்ட் வரும் என்று யார் கண்டது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. 8, 7 என்று வைத்துப் பார்த்தோம்: 10.06 லட்சம், 7.61 லட்சம். தொகை சுருங்கினாலும், போகும் பங்கு இரண்டிலும் ஏறக்குறைய கால்வாசி. சந்தை எவ்வளவு தரும் என்பது யாருக்கும் தெரியாது. இந்தக் கால்வாசி மட்டும் அநேகமாக மாறாது. ஏனென்றால் செலவு லாபத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. மொத்தத் தொகையில், நஷ்டமான ஆண்டிலும் கழிகிறது. கழிந்த ரூபாய் ஈட்டியிருக்கக்கூடியதும் அதோடு போகிறது.

இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், அன்றாடம் ஒரு சிறு துளியாகக் கழித்த பிறகே என்ஏவியை அறிவிக்கிறார்கள். வங்கிக் கணக்கில் பிடித்தம் எதுவும் தெரியாது. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டு வகைக்கும் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவைத் தனித்தனியாகப் பார்க்கலாம். டைரக்டின் என்ஏவி அதிகமாக இருப்பதைப் பார்த்து ‘விலை கூடுதல்’ என்று ஒதுக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைவாகக் கழிந்ததால்தான் அது உயர்ந்திருக்கிறது.

அதற்காக ரெகுலரில் இருப்பதை ஒரே நாளில் மாற்றச் சொல்லமாட்டேன். அப்படி மாற்றுவது விற்று வாங்கியதாகவே கணக்காகும். எக்ஸிட் லோடும் மூலதன ஆதாய வரியும் வரலாம். அண்ணியிடம் சொன்னது இதுதான்: புது எஸ்ஐபியை டைரக்டில் தொடங்குங்கள், பழையதை நிறுத்துங்கள். ஓராண்டு தாண்டிய ஈக்விட்டி யூனிட்டுகளை, ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான ஆதாயத்துக்கு வரியில்லை என்பதால், அந்த வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சந்தை விழும்போது பதறி விற்றுவிடாமல் தடுக்கும் நல்ல ஆலோசகர் உங்களுக்கு இருந்தால், அவருக்குப் போகும் கமிஷன் வீணல்ல. ஆனால் வருடக்கணக்கில் ஒரு போன்கூட வராத கணக்குக்கு அந்தக் கால்வாசியைக் கொடுக்க வேண்டியதில்லை.