உச்சியைப் பிடித்தால் போதுமா?

கேள்வி: மலை உச்சியில் இருப்பவருக்குத்தானே எப்போதும் சாதகம்?

பதில்: உச்சியிலிருந்து சரிவு முழுவதும் தெரிந்தால்தான் சாதகம். வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அது செங்குத்தான இடம். விலகியிருந்தால் மிதமான சரிவு. மேலே விலகி, கீழே நெருங்கியிருந்தால் புடைத்த சரிவு. அதன் கீழ்ப்பகுதி உச்சியிலிருந்து தெரியாது, குண்டும் எட்டாது. எனவே சற்று இறங்கி, கோடுகள் நெருங்கத் தொடங்கும் விளிம்பில் பதுங்குகுழி வெட்டுவார்கள். வானத்தின் பின்னணியில் தலை தெரியாது என்பதும் இதில் ஓர் அனுகூலம்.

தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் காப் குன்றில் 1900 ஜனவரி 24 அன்று பிரிட்டிஷ் படை இந்த விஷயத்தில்தான் தவறியது. இரவில் ஏறி, மூடுபனியில் விளிம்பு தெரியாமல், தட்டையான உச்சியில் குழி வெட்டினார்கள். பாறை நிலம் என்பதால் ஆழமும் இல்லை. பனி விலகியபோது விளிம்பு இன்னும் முன்னால் இருந்தது. எதிர்த்துப் போரிட்ட போயர்கள் மறைவான சரிவில் ஏறி வந்து சுட்டார்கள். பக்கத்து மேட்டிலிருந்து குழியின் நீளவாக்கிலும் குண்டுகள் பாய்ந்தன. அன்றிரவே பிரிட்டிஷார் பின்வாங்கினர்.

வரைபடத்துக்கும் எல்லை உண்டு. கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், 10 மீட்டர் மேடு அதில் தெரியாமலே போகலாம். அதனால் குழி வெட்டுமுன், சுடும் நிலையில் தரையில் படுத்துப் பார்த்தே இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.