பழைய பவர் பேங்க்: மிச்சம் எவ்வளவு?

10,000 mAh பவர் பேங்க் போனை ஒருமுறைகூட முழுதாக ஏற்றவில்லையா? ஒரு யூஎஸ்பி மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

1. முழுதாக சார்ஜ் செய்த பவர் பேங்க்கை மீட்டர் வழியாகப் போனில் இணையுங்கள். போன் நிறைந்தால் வேறொன்றை மாட்டி, பவர் பேங்க் தானாக அணையும்வரை விடுங்கள். பாதியில் நிறுத்தினால் கணக்கு தப்பும்.

2. மீட்டரில் Wh எண்ணைப் பாருங்கள்; வேக சார்ஜில் வோல்டேஜ் மாறுவதால் mAh எண்ணை நம்ப முடியாது.

மேலே அச்சிட்ட 10,000, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. அதாவது 37 Wh. இழப்பு போக, புதிதிலேயே சுமார் 32 தான் வெளியே வரும். மீட்டர் 19 காட்டினால் மிச்சம் ஏறக்குறைய 60 சதவீதம். அதற்கும் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம்.

3. உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள், தீப்பற்றக்கூடும். குப்பையில் வீசாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.