ஒரு தலைமுடியின் பருமனை அளப்பது எப்படி?

தலைமுடியின் பருமனை அடிக்கோலை வைத்து நேரடியாக அளக்க இயலாது. அதன் ஒரு மில்லிமீட்டர் பிரிவுக்குள் பத்துப் பன்னிரண்டு முடிகள் பக்கம் பக்கமாக அடங்கிவிடும். ஆயினும் அதே அடிக்கோலோடு ஒரு லேசர் விளக்கும் இருந்தால் போதும். ஆயர் குரோவில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் பரிசோதனை இது.

அட்டையில் ஒரு துளையிட்டு, அதன் குறுக்கே முடியைச் செங்குத்தாக ஒட்டுகிறோம். சிவப்பு லேசரை அசையாமல் பொருத்தி, ஒளி முடியின்மேல் படுமாறு வைக்கிறோம். இருட்டறையில் 2 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் முடியின் நிழலுக்குப் பதில், இருபுறமும் படுக்கைவாட்டில் வெளிச்சமும் இருளும் மாறி மாறித் தோன்றும். முடியின் இரு விளிம்புகளையும் கடந்த ஒளியலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துவிடுவதே இதற்குக் காரணம். இதனை விளிம்பு விளைவு என்பர். முடி மெல்லியதாக இருந்தால் இருள் வரிகள் அதிகம் விலகியிருக்கும். கம்பளி இழைகளை ஒளியால் அளக்க 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமஸ் யங் ஒரு கருவி செய்தார். லேசர் வந்ததோ 1960-இல்தான்.

கணக்கு எளிது: அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அடுத்தடுத்த இரு இருள் வரிகளின் இடைவெளியால் வகுக்க வேண்டும். நடுப்புள்ளி கண்ணைக் கூசும். அதன் மையத்தைக் குறிக்க முடியாது. ஆகவே இடப்புற மூன்றாம் இருளிலிருந்து வலப்புற மூன்றாம் இருள்வரை அளக்கிறோம். அது 104 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதில் எத்தனை இடைவெளிகள்?

மாணவர்கள் பலர் ஐந்து என்பார்கள். வரிகள் ஆறு, நடுவே ஐந்து இடைவெளிகள் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நடு வெளிச்சம் மற்றவற்றைப்போல் இரு மடங்கு அகலம், ஆகவே ஆறு. 104-ஐ 6-ஆல் வகுக்க 17.3 மி.மீ. சிவப்பு ஒளியின் அலைநீளம் 0.00065 மி.மீ., தூரம் 2000 மி.மீ. விடை 0.075 மி.மீ. ஐந்து என்று எண்ணியவருக்கு 0.0625 வரும். அதுவும் முடிக்குப் பொருத்தமான அளவாகவே தோன்றுவதால் பிழை கண்ணில் படாது. நடுப்பகுதியைத் தொடாமல், ஒரே பக்கத்து இரு இருள்களை மட்டும் அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு ஐயம் விளக்கைப் பற்றியது. மலிவான சிவப்பு விளக்கின் ஒட்டுச்சீட்டில் 630 முதல் 680 நானோமீட்டர் என்றே அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு விடையும் மாறும். அதே முடியை 532 நானோமீட்டர் பச்சை லேசரில் அளந்தால் 104-க்குப் பதில் ஏறக்குறைய 85 மி.மீ. வரவேண்டும். வராவிட்டால் சிவப்பின் அலைநீளத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் முடி முழு உருண்டையன்று, சற்றே தட்டையானது. முறுக்கி ஒட்டினால் அளவு மாறக்கூடும். ஆதலால் இரு அளவீடுகளுக்கிடையே முடியை அசைக்கக் கூடாது. லேசர் ஒளியையோ, பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பும் அதன் கதிரையோ எவரும் நேரே பார்க்கக் கூடாது.