கத்தரி படுவதற்கு முன்

திருப்பூரில் பனியன் துணி வாங்குகிறவர்களுக்கு ஒரு ஜிஎஸ்எம் கட்டர், ஒரு மின்தராசு, ஒரு வாஷிங் மெஷின் இந்த மூன்றும் போதும். சரக்கைத் திருப்பி அனுப்பத் தேவையான சான்று அனைத்தையும் இவற்றாலேயே திரட்டிவிடலாம். பலர் சறுக்குவது அதற்கடுத்த இடத்தில். ‘துணி சரியில்லை, எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று போனில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த ரோலில் என்ன குறை, அதற்கு எதிர்த்தரப்பு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேட்பதில்லை. நான் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேவி நிற சிங்கிள் ஜெர்ஸி துணி ஒன்றை நாங்கள் நிராகரித்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டிருந்தது 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். துவைத்தால் நீளத்திலும் அகலத்திலும் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது. நாங்கள் அங்கீகரித்துக் கையெழுத்திட்ட மாதிரித் துணி பீரோவில் இருந்தது. 40 ரோல் வந்து இறங்கியது. டெலிவரி சலானில் ‘எண்ணிக்கை மட்டும் சரிபார்க்கப்பட்டது, தரம் சோதனைக்கு உட்பட்டது’ என்று எழுதியே கையெழுத்துப் போட்டோம். வெறும் கையெழுத்து மட்டும் இருந்திருந்தால், ‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்ற பேச்சு வந்திருக்கும்.

ரோலில் சுற்றிய துணி இழுவையில் இருக்கும். பிரித்து ஒரு நாள் தளர விட்ட பிறகுதான் எதையும் அளக்க வேண்டும். கட்டர் வெட்டித் தரும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைக்கும். முதலில் நான்கு ரோலில் மட்டும் வெட்டினோம். இரண்டில் 1.45 கிராம்தான் வந்தது. உடனே நாற்பதையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் வெட்டினோம். 16 ரோல் சரியாக இருந்தன. 24 ரோல் 145-ஐ ஒட்டியே நின்றன.

சப்ளையரின் மேலாளருக்குப் போன் செய்ததும் அவர் சொன்னார்: “ஏனுங்கண்ணா, கிலோ கணக்குலதான வாங்கறீங்க? ஜிஎஸ்எம் கம்மின்னா மீட்டர் கூட வருமுங்க, லாபம் உங்களுக்குத்தானுங்க. துணி காஞ்சு கிடந்தாலும் எடை கம்மியாத்தான் காட்டும்.”

பருத்தி காய்ந்தால் எடை குறையும் என்பது உண்மை. அதனால்தான் அங்கீகரித்த மாதிரியையும் அதே அறையில், அதே நாள் முழுவதும் விரித்து வைத்து, அதே கட்டரால் வெட்டியிருந்தோம். அது 160 காட்டியது. காற்றின் ஈரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மாதிரியைப் பக்கத்தில் வைத்து அளக்காத எந்த எண்ணையும் எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் தட்டிவிட முடியும்.

இனி முக்கியமான சோதனை. பெரும்பாலானவர்கள் ஜிஎஸ்எம் குறைவு என்று கண்டதுமே கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் எடை குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிட்டிங் சரியாக இருந்தும் ஃபினிஷிங்கில் துணியை இழுத்து நீட்டியிருப்பார்கள். மற்றது, நிட்டிங்கிலேயே கண்ணியைத் தளர்வாகப் போட்டிருப்பார்கள். முதல் குறையைச் சரிசெய்யலாம், இரண்டாவதைச் செய்ய முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சலவைதான்.

ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு எடுத்து, அதில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, ஆடையின் சலவை லேபிளில் உள்ளபடியே துவைத்துக் காயவைத்துத் தளரவிட்டு அளந்தோம். மாதிரித் துணி நீளத்தில் 4, அகலத்தில் 2 சதவீதம் சுருங்கியது. சலவைக்குப் பின் அதன் ஜிஎஸ்எம் 170. குறைபட்டவற்றில் 18 ரோல் நீளத்தில் 10, அகலத்தில் 5 சதவீதம் சுருங்கின, சலவைக்குப் பின் அவையும் 170-ஐத் தொட்டன. நூலும் கண்ணியும் சரி, இழுத்துவிட்டார்கள் என்பது இதில் தெரிந்துவிட்டது. மீதி ஆறு ரோல் மாதிரியைப் போலவே கொஞ்சம்தான் சுருங்கின, ஆனால் 154-க்கு மேல் ஏறவில்லை. அவற்றில் நூறு கண்ணிக்கான நூலைப் பிரித்தெடுத்து அளந்தோம். மாதிரியில் 28 சென்டிமீட்டர் வந்தது, இவற்றில் 31. ஆறு ரோலின் ஸ்டிக்கரிலும் ஒரே நிட்டிங் மெஷின் எண்தான் இருந்தது.

இப்போது எதைக் கேட்பது என்பது தானாகவே தெளிவாகிவிட்டது. அன்றே மின்னஞ்சல் அனுப்பினோம். ஆர்டர் எண், பில் எண், ரோல் வாரியான அட்டவணை, அளவுகோல் தெரியும்படி எடுத்த படங்கள் எல்லாம் சேர்த்து. கேட்டது இவ்வளவுதான்:

“16 ரோல்களை ஏற்கிறோம். 18 ரோல்களை உங்கள் செலவில் எடுத்துச் சென்று, நனைத்துத் தளரவிட்டு மீண்டும் காம்பாக்டிங் செய்து ஐந்து நாளில் தரவும். ஆறு ரோல்களை முழுமையாக நிராகரிக்கிறோம். மாற்றுத் துணியின் நிற மாதிரியை அங்கீகாரத்துக்கு முதலில் அனுப்பவும். 24 ரோல்களும் தனியே வைக்கப்பட்டுள்ளன, இரண்டு நாளுக்குள் நேரில் வந்து சோதிக்கலாம். தேதி தவறினால் வெளியில் வாங்கி, விலை வித்தியாசத்துக்கு டெபிட் நோட் போடுவோம்.”

நிற மாதிரியைக் கேட்டதற்குக் காரணம், மாற்றுத் துணி வேறு டையிங் லாட்டில் வரும் என்பதுதான். ஒரே சட்டையில் இரண்டு லாட்டைக் கலந்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் ஆகிவிடும்.

விலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசிக்கோடு, ஓட்டை என்றால் ஒதுக்கி வெட்டலாம், அதற்குத் தள்ளுபடி நியாயம். பத்து சதவீதச் சுருக்கத்துக்குத் தள்ளுபடி வாங்கி என்ன பயன்? 70 சென்டிமீட்டர் சட்டை முதல் சலவையிலேயே 63 ஆகிவிடும். போட்டுக்கொள்கிறவருக்கு அந்தத் தள்ளுபடி போய்ச் சேராது.

அவர்கள் ஆள் தன் கட்டரோடு வந்தார். ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டோம். 18 ரோலை உடனே ஒப்புக்கொண்டார். ஆறு ரோலில் தகராறு செய்தவர், நூலை அவரே பிரித்து அளந்ததும் அமைதியானார். திரும்பி வந்த 18 ரோலையும் மறுபடி சோதித்த பிறகுதான் உள்ளே எடுத்தோம். ஆறுக்கு மாற்று வந்தது, பழைய பில்லுக்கு அவர்கள் கிரெடிட் நோட் தந்தார்கள்.

சட்டத்தில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பை வாங்குகிறவருக்குத் தருகிறது. ஆனால் சரக்கைத் தன்னுடையது போல அவர் பயன்படுத்திவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். துணியில் கத்தரி படுவது அப்படிப்பட்ட செயல். அதன்பின் நஷ்டஈடு கேட்கலாமே தவிர, திருப்பித் தர இயலாது. முறையாக மறுத்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையும் உங்களுக்கு இல்லை, மறுத்ததைத் தெரிவித்தால் போதும். அடுத்தது, சப்ளையர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதிப் பணம் தரும் கெடு ஓடத் தொடங்கிவிடும். போன் பேச்சு இதில் கணக்கில் வராது.

கையெழுத்திட்ட அந்தத் துணித் துண்டுகளை, உங்கள் ஆடை ஆர்டருக்கான பணம் உங்களுக்கு முழுதாக வந்து சேரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.