மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி

சில வருடங்களுக்கு முன், ஈக்விட்டி ஃபண்டில் இருந்த பணத்தில் கொஞ்சத்தைக் கடன் ஃபண்டுக்கு மாற்ற, செயலியில் ‘ஸ்விட்ச்’ என்ற பொத்தானை அழுத்தினேன். பணம் வங்கிக் கணக்குக்கே வரவில்லை. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதுதானே என்று மறந்துவிட்டேன். ஜூலையில் ஆடிட்டர் கேட்டார்: “இந்த விற்பனையை ஏன் சார் சொல்லவே இல்லை?” வருமான வரிக் கணக்கில் ஸ்விட்ச் என்று தனியாக ஒன்று கிடையாது. அது ஒரு விற்பனை, அடுத்து ஒரு வாங்கல். மாதாமாதம் கொஞ்சமாக மாற்றும் எஸ்.டி.பி.யும் அப்படித்தான், ஒவ்வொரு தவணையும் ஒரு விற்பனை.

அதனால் ரீபேலன்ஸிங் என்பதை எதை, எப்போது, எவ்வளவு விற்பது என்ற கேள்வியாகவே பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அடிக்கடி செய்பவர்களுக்கு வரியும் எக்ஸிட் லோடும்தான் மிஞ்சும்.

நாள் குறிப்பதிலிருந்து தொடங்குவோம். பிறந்தநாள், தீபாவளி, ஜனவரி 1 என்று ஆளாளுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நான் மார்ச் 15 முதல் 20-க்குள் என்று வைத்திருக்கிறேன், காரணம் வரிச் சலுகை. பட்டியலிடப்பட்ட பங்குகளையும் ஈக்விட்டி ஃபண்டுகளையும் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் லாபத்தில், ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. 12 மாதம் நிறைவதற்குள் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே 20%. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் இருப்பவை. 1.25 லட்சத்தை ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் அது அடுத்த வருடத்துக்குச் சேராது, மார்ச் 31-உடன் போய்விடும். ஏப்ரல் 1 அன்று புதிதாக இன்னொரு 1.25 லட்சம் கிடைக்கும். இரண்டு நிதியாண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நின்றுகொண்டு விற்றால் இரண்டு சலுகைகளும் கைக்கு எட்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. எல்லா ஃபண்டுகளும் ஒரே தாளில் வரும் சி.ஏ.எஸ். அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., பி.பி.எஃப்., வைப்புநிதி எல்லாவற்றையும் கடன் பக்கத்தில் சேருங்கள். “அதைத்தான் தொட முடியாதே” என்று பி.எஃப்.பை விட்டுவிடுகிறவர்கள் பலர். தொட முடியாவிட்டாலும் அது உங்கள் பணம்தான். அதை விட்டால் ஈக்விட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், தேவையில்லாமல் விற்பீர்கள்.

ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60% ஈக்விட்டி, 40% கடன் என்பது அவர் வகுத்துக்கொண்ட கலவை. சந்தை ஏறியதில் இண்டெக்ஸ் ஃபண்ட் 34 லட்சம் ஆகிவிட்டது. பி.எஃப்.பும் கடன் ஃபண்டும் சேர்ந்து 16 லட்சம். மொத்தம் 50 லட்சத்தில் ஈக்விட்டி 68%. வகுத்த அளவிலிருந்து 5 புள்ளிகளுக்குள் விலகியிருந்தால், அதாவது 55-க்கும் 65-க்கும் இடையில் இருந்தால், நான் எதையும் விற்கச் சொல்லமாட்டேன். மாத எஸ்.ஐ.பி.யைச் சில மாதங்கள் கடன் ஃபண்டுக்குத் திருப்பினாலே சரியாகிவிடும். இவருக்கு அந்த எல்லை தாண்டிவிட்டது.

அப்போதும் விற்பதற்கு முன் செய்ய வேண்டியது, புதுப் பணத்தைத் தேடுவது. அவர் கையில் ஒரு லட்சம் ரூபாய் சும்மா இருக்கிறது. அதைக் கடன் ஃபண்டில் போட்டால் மொத்தம் 51 லட்சம், அதில் 60% என்பது 30.6 லட்சம். விற்க வேண்டியது நான்கு லட்சமாக இருந்தது, 3.4 லட்சமாகக் குறைந்தது. என்.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அதற்குள்ளேயே ஈக்விட்டியிலிருந்து கடனுக்கு மாற்றினால் வரி கிடையாது. அங்கே முடிந்த அளவு மாற்றிவிட்டு மீதிக்கு மட்டும் ஃபண்டைத் தொடலாம்.

இனி விற்பனை. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஆசிரியையின் பழைய யூனிட்டுகள் 40 ரூபாய்க்கு வாங்கியவை, இன்று 100 ரூபாய். 3.4 லட்சத்துக்கு விற்றால் 2.04 லட்சம் லாபம். 1.25 லட்சம் போக மீதி 79,000 ரூபாய்க்கு 12.5% என்றால் 9,875 ரூபாய், 4% செஸ் சேர்த்து 10,270 ரூபாய் வரி.

அதையே பிரித்துச் செய்தால்? மார்ச் 18 வாக்கில் இரண்டு லட்சத்துக்கு விற்கிறார், லாபம் 1.2 லட்சம். ஏப்ரல் முதல் வாரத்தில் மீதி 1.4 லட்சத்துக்கு விற்கிறார், லாபம் 84,000. அந்தந்த ஆண்டில் வேறு நீண்டகால லாபம் இல்லையென்றால் இரண்டுக்கும் வரி இல்லை. இடையில் சந்தை ஏறலாம், இறங்கலாம். இரண்டு வாரத்துக்கு அந்தப் பயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஏப்ரலில் 84,000-ஐ எடுத்துவிட்டதால், அடுத்த மார்ச்சில் அவருக்கு மிஞ்சுவது 41,000 ரூபாய் இடம்தான். இது வருடா வருடம் இரண்டு மடங்காகக் கிடைக்கும் சலுகை அல்ல.

மார்ச் 31 வரை இழுத்தடிக்காதீர்கள். மதியம் 3 மணிக்குப் பிறகு கொடுக்கும் விண்ணப்பத்துக்கு அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி.தான். மாதக் கடைசியில் விடுமுறை குறுக்கிட்டால் விற்பனை ஏப்ரலுக்குள் விழுந்துவிடும், போட்ட திட்டம் பாழ்.

எஸ்.ஐ.பி.யில் சறுக்குவது வேறு இடத்தில். “மூன்று வருடமாகப் போடுகிறேனே” என்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் 12 மாதம் தனி. பழைய யூனிட்டுகள் முதலில் போவதால் கொஞ்சமாக விற்றால் சிக்கல் இல்லை. ஒரு ஃபண்டை முழுதாக விற்றால், கடைசிப் பன்னிரண்டு தவணைகள் 20% வரிக்குள் போகும், பல ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடும் பிடிப்பார்கள்.

நஷ்டத்தில் இருக்கும் ஃபண்டை விற்று லாபத்தைக் கழிக்கலாம் என்று யோசனை சொல்பவர்களிடமும் கொஞ்சம் கவனமாக இருங்கள். நஷ்டம் முதலில் கழிந்த பிறகுதான் 1.25 லட்சச் சலுகை வரும். லாபமே ஒரு லட்சம்தான் என்றால், 40,000 நஷ்டத்தை அதில் கழிப்பதால் ஒரு ரூபாய் வரியும் குறையாது, நஷ்டம்தான் வீணாகும். லாபம் சலுகையைத் தாண்டும் வருடத்துக்கு அந்த ஃபண்டை வைத்துக்கொள்வது மேல்.

சந்தை விழுந்து, கடனை விற்று ஈக்விட்டி வாங்க வேண்டிய வருடமும் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டின் லாபம், எத்தனை வருடம் வைத்திருந்தாலும், உங்கள் வருமான வரம்புக்கான விகிதத்தில் வரிக்கு உட்படும். 1.25 லட்சம் அதற்குப் பொருந்தாது. அதனால் அந்த வருடம் முதிர்கிற வைப்புநிதி இருந்தால் முதலில் அதை எடுங்கள். அதன் வட்டிக்கு எப்படியும் வரி உண்டு, கூடுதலாக எதுவும் வராது.

வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்னில் இந்த விற்பனையைக் காட்ட வேண்டும். நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் என்றால், மற்றத் தகுதிகள் இருப்பவர்களுக்கு ஐ.டி.ஆர்.-1 படிவமே போதும். தாண்டினால் சம்பளக்காரர்களுக்கு ஐ.டி.ஆர்.-2. விற்ற தேதி, யூனிட் எண்ணிக்கை, வாங்கிய விலை மூன்றும் உள்ள மூலதன ஆதாய அறிக்கையை அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜூலையில் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.