எல்லைச் சுவரும் நால்வகைத் தீநெறியும்

பகவன் புத்தர் இல்லறத்தார்க்கென அருளிய உபதேசங்களுள் சிகாலோவாத சூத்திரம் தலையாயது. அது தீக நிகாயத்தில் அடங்கியது. மக்கள் நடுநிலை பிறழ்ந்து தீவினை புரிவதற்கு நான்கு காரணங்கள் அதில் கூறப்பட்டுள்ளன: விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம். இவற்றைப் பாலி மொழியில் நான்கு ‘அகதி’ என்பர். செல்லத்தகாத வழியிற் செல்லுதல் என்பது அதன் பொருள். இப்பாடத்தை ஒரு சிறு கதையின் வாயிலாக நாம் ஆராய்வோம்.

கோலார் தங்கவயலை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரே வரிசையில் ஆறு மனைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 33 அடி அகலமுடையது. அப்பகுதியில் நில அளவைக்கு வழங்கிய சங்கிலியின் நீளமும் 33 அடியே. ஆகவே, மனைக்கு ஒரு சங்கிலி என்று ஆதியில் பிரித்திருந்தனர். வரிசையின் கீழ்க்கோடியிலும் மேற்கோடியிலும் எல்லைக் கற்கள் நடப்பட்டிருந்தன. இரண்டிற்கும் இடையே 198 அடி என்பது ஏட்டுக் கணக்கு.

நடுவிலிருந்த இரு மனைகளில் இரண்டு பௌத்த குடும்பத்தினர் வாழ்ந்தனர். மேற்கு வீட்டார் மூத்தவர். கீழ் வீட்டார் இளையவர். இருவரும் பௌர்ணமிதோறும் ஒன்றாக விகாரைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்பவர்கள். ஒரு மழைக்காலத்தில் இவர்களுக்கு இடையே இருந்த மண் சுவர் இடிந்து வீழ்ந்தது. செங்கல்லால் 9 அங்குலக் கனத்தில் புதுச்சுவர் எழுப்ப இருவரும் இசைந்தனர். எங்கே எழுப்புவது என்பதில்தான் பிணக்கு நேர்ந்தது.

மூத்தவர் ஒரு பழைய சங்கிலியை இரவல் வாங்கி, தம் மனையின் மேற்குச் சுவரிலிருந்து அளந்தார். இளையவர் 33 அடிக்கு வெட்டிய நூற்கயிற்றைக் கொண்டு தம் கீழ்ச்சுவரிலிருந்து அளந்தார். இரு அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று 9 அங்குலம் ஏறி நின்றன.

“தம்பி, என் நிலத்தில் ஒரு சுவர்க்கனம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய்” என்றார் மூத்தவர்.

“அண்ணா, எடுப்பது யார் என்று ஊரே அறியும்” என்றார் இளையவர்.

அன்றுமுதல் பேச்சு நின்றது. இரு வீட்டுப் பெண்டிரும் கிணற்றடியில் முகம் திருப்பிக்கொண்டனர். அடுத்த பௌர்ணமியில் இருவரும் விகாரையில் எதிர் எதிர் மூலைகளில் அமர்ந்தனர். இதனைக் கண்ட சங்கத்தார், ஓய்வுபெற்ற முதிய நில அளவர் ஒருவரை அழைத்தனர்.

அம்முதியவர் மூத்தவர்க்கு நெடுநாளைய நண்பர். இளையவரின் தந்தையோடு அவருக்கு முன்பு மனத்தாங்கல் உண்டு. மேலும், மூத்தவர் ஊரில் செல்வாக்கு உடையவர். ஆக, விருப்பும் வெறுப்பும் அச்சமும் ஒரே பக்கத்தில் நின்று அவரை இழுத்தன. அவர் செய்தது என்ன?

முதலில் அவர் நிலத்தை அளக்கவில்லை, அளவுகோல்களை அளந்தார். தாம் சரிபார்த்துக் கொணர்ந்த எஃகு நாடாவைத் தரையில் விரித்து, மூத்தவரின் சங்கிலியை அதன் அருகே நீட்டினார். பல்லாண்டு இழுபட்டு, வளையங்கள் வாய் விரிந்திருந்தமையால் அச்சங்கிலி 3 அங்குலம் நீண்டிருந்தது. இளையவரின் கயிறோ மழையில் நனைந்து சுருங்கியிருந்தபோது வெட்டப்பட்டது. உலர்ந்தபின் அது 4 அங்குலம் நீண்டுவிட்டது. இருவரும் பொய் கூறவில்லை. பொய்யான கோலை மெய்யென்று நம்பினர். மயக்கம் என்னும் அகதி இதுவே. அது தீய எண்ணம் இன்றியும் தீமை செய்யும்.

அடுத்து, “எங்கிருந்து அளந்தீர்கள்?” என்று வினவினார். “எங்கள் சுவரிலிருந்து” என்றனர் இருவரும். “சுவரைக் கட்டியவர் உங்கள் முன்னோர். கல்லை நட்டது பொதுவான அளவை. வழக்காடுபவர் எவர்க்கும் உரியதல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம்” என்று கூறி அவர் கீழ்க்கோடிக் கல்லுக்குச் சென்றார். கற்கள் இடம் பெயர்ந்துள்ளனவோ என்னும் ஐயம் தீர, தெருவின் எதிர்ப்புறத்து மூன்றாவது கல்லிலிருந்தும் அளந்து, ஏட்டோடு ஒப்பிட்டார். கல் பெயர்ந்திருந்தால் அதன்மேல் செய்யும் கணக்கு அனைத்தும் பிழையாகும் அன்றோ?

கற்கள் நிலைபெற்றிருந்தன. ஆனால் அவற்றிடையே 197 அடி 6 அங்குலமே இருந்தது. ஆதியில் அளந்தவரின் பிழையால் 6 அங்குலம் குறைவு. இக்குறைவு எவர் பங்கு? அறுவர் மனையும் ஒரே காலத்தில், ஒரே அளவாகப் பிரிக்கப்பட்டவை. ஆகையால் மனைக்கு ஓர் அங்குலம் வீதம் குறைவைப் பகிர்ந்தார். ஒவ்வொரு மனைக்கும் 32 அடி 11 அங்குலம் ஆயிற்று. கீழ்க்கல்லிலிருந்து மூன்று மனைகளுக்கு 98 அடி 9 அங்குலம் அளந்து ஒரு முளை அடித்தார். பின்னர் மேற்கல்லிலிருந்தும் அவ்வாறே அளந்து வந்தார். இரண்டாம் அளவும் அதே முளையில் வந்து முடிந்தது.

இப்போது வழக்கின் 9 அங்குலம் எவ்வாறு பிறந்தது என்பது யாவர்க்கும் விளங்கிற்று. சங்கிலியின் பிழை 3, கயிற்றின் பிழை 4, இரு மனைகளின் குறைவு 2. அதில் எவருடைய களவும் இல்லை.

ஆயினும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. பழைய சுவரின் கடைக்காலைத் தோண்டியபோது, அதன் நடுவு முளைக்குக் கிழக்கே 2 அங்குலம் தள்ளி இருந்தது. அதாவது, பழஞ்சுவர் இளையவரின் நிலத்தில் அவ்வளவு புகுந்திருந்தது. மூத்தவர் நண்பரைத் தனியே அழைத்து, “இரண்டு அங்குலந்தானே! கடைக்கால் உள்ளபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாகாதா?” என்றார்.

முதியவர் அனைவரும் கேட்கும்படி விடையிறுத்தார்: “ஐயா, உள்ள அளவைச் சொல்வது என் கடன். விட்டுக்கொடுப்பது தம்பியின் உரிமை. அவருடைய உரிமையை நான் எடுத்து உமக்குக் கொடுத்தால், கொடாததைக் கொண்ட குற்றம் நம் இருவரையும் சாரும்.”

இதைக் கேட்ட இளையவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “அண்ணா, எல்லை முளை உள்ள இடத்தில்தான் என்று எழுதிக்கொள்வோம். சுவரைப் பழைய கடைக்காலின்மேலேயே எழுப்புவோம், புதுக் கடைக்கால் செலவு இருவர்க்கும் மிச்சம்” என்றார். மூத்தவர் நாணித் தலை கவிழ்ந்தார். அவ்வாறே எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். வரிசையின் மற்ற நால்வரும் சாட்சியிட்டனர்.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்று. அளப்பதற்கு முன்பே சங்கத்தார், “ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கள்” என்று சமாதானம் செய்திருக்கலாம். அப்போது இருவரும் தம் பொருளை இழந்ததாகவே எண்ணியிருப்பர். பகை உள்ளே புகைந்துகொண்டிருக்கும். தமது இன்னதென்று தெளிந்தபின் இளையவர் ஈந்த 2 அங்குலமோ தானம் ஆயிற்று. அறியாமல் இழப்பதும் அறிந்து கொடுப்பதும் ஒன்றல்ல.

நில அளவர் கோட்டைக் காட்டுவாரேயன்றி உடைமையைத் தீர்ப்பவர் அல்லர். உரிமையே வழக்கானால் அதற்குரிய இடம் நீதிமன்றம். ஆனால், நம் சங்கத்தில் இருவர் பிணக்கு நம்முன் வரும்போது, அம்முதியவரைப் போல நாமும் தீர்ப்புக்கு முன் நான்கு வினாக்களை நம்மையே கேட்டல் வேண்டும். இவர் என் நண்பர் என்பதால் சாய்கிறேனா? அவர்மேல் பழம்பகை உண்டா? எவர்க்கேனும் அஞ்சுகிறேனா? என் கையிலுள்ள கோல் சரியானதா? முதல் மூன்றையும் கேட்பவர் பலர். நான்காவதைக் கேட்டதனாலேயே அன்று அச்சுவர் எழுந்தது.