தற்கவனம்: வினவல், சாவி, பெறுமதி

“ஆறு வாவியில் கலக்கும்.” “ஆறு பேர் வந்தனர்.” முதலாவதில் ஆறு என்பது நதி, இரண்டாவதில் எண். பக்கத்துச் சொற்களைப் பார்த்தே பொருளை அறிகிறோம். கணினியும் அவ்வாறு செய்வதற்கான முறையே தற்கவனம். இதனை அடிப்படையாகக் கொண்ட ட்ரான்ஸ்போமர் அமைப்பை 2017இல் அஷிஷ் வாஸ்வானி உட்பட எண்மர் வெளியிட்டனர்.

தரவுத்தளத்தில் வினவலுக்குப் பொருந்தும் சாவியுள்ள பதிவு மட்டுமே கிடைக்கும். இங்கோ எல்லாச் சொற்களிலிருந்தும், பொருத்தத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு எடுக்கப்படும்.

முதலாம் வாக்கியத்தில் “ஆறு” என்பதற்குக் கணிப்போம். (எண்கள் விளக்கத்திற்காக எடுக்கப்பட்டவை.)

படிமுறை 1: ஒவ்வொரு சொல்லும் ஓர் எண் வரிசையாகும். அதனை மூன்று வெவ்வேறு தாயங்களால் பெருக்க வினவல், சாவி, பெறுமதி ஆகிய மூன்றும் கிடைக்கும். தாயங்களின் எண்கள் பயிற்சியின்போது கற்கப்படுபவை.

ஆறு என்பதன் வினவல்: (1, 2, 0, 1)

சாவிகள்:
ஆறு (0, 1, 1, 0)
வாவியில் (1, 2, 0, 1)
கலக்கும் (2, 1, 0, 0)

படிமுறை 2: வினவலையும் ஒவ்வொரு சாவியையும் ஒத்த இடத்து எண்களாகப் பெருக்கிக் கூட்டுக. புள்ளிகள் முறையே 2, 6, 4.

படிமுறை 3: சாவியில் 4 எண்கள் உள்ளன. எனவே √4 = 2 ஆல் வகுக்க: 1, 3, 2.

படிமுறை 4: இவற்றை e (2.718) இன் சுட்டிகளாக்குக: 2.72, 20.09, 7.39. கூட்டுத்தொகை 30.20. அதனால் வகுக்க, நிறைகள் 0.09, 0.67, 0.24. இவற்றின் கூட்டுத்தொகை 1 ஆதல் வேண்டும். இல்லையெனில் கணிப்பில் பிழை உண்டு.

படிமுறை 5: நிறைகளால் பெறுமதிகளைப் பெருக்கிக் கூட்டுக. முதல் எண் நீர்நிலையையும் இரண்டாவது எண்ணிக்கையையும் குறிப்பதாகக் கொள்வோம். பெறுமதிகள் முறையே (1, 1), (4, 0), (2, 0).

முதல் எண்: 0.09×1 + 0.67×4 + 0.24×2 = 3.25
இரண்டாம் எண்: 0.09×1 = 0.09

விடை (3.25, 0.09). சமமாக இருந்த இரு பொருள்களில் நீர்நிலையே மேலோங்கியது. அதற்குக் காரணம் “வாவியில்” என்ற சொல்லே.

கவனிக்க:
1. நிறைகளால் பெருக்க வேண்டியது பெறுமதியை; சாவியை அன்று.
2. படிமுறை 3ஐ விட்டால் நிறைகள் ஏறத்தாழ 0.02, 0.87, 0.12 ஆகும். ஒரே சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சாவி நீளும்போது இது மேலும் மோசமாகிப் பயிற்சி தடைப்படும்.
3. சொற்களை “வாவியில் ஆறு கலக்கும்” என மாற்றினாலும் அதே விடையே வரும். தற்கவனத்துக்கு ஒழுங்கு தெரியாது. எனவே சொல்லின் இடத்தைக் குறிக்கும் தகவல் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது.

பயிற்சி: மூன்று புள்ளிகளும் சமமெனின் நிறைகள் யாவை?
விடை: ஒவ்வொன்றும் 1/3. அப்போது எச்சொல்லுக்கும் தனிக்கவனம் இல்லை; பெறுமதிகளின் சராசரியே கிடைக்கும்.